கூட்டம் குறையவில்லை, கல்லா ஏன் குறைகிறது?

1997-ல் சென்னை திருவான்மியூரில் சுபிக்‌ஷா என்ற பெயரில் ஒரு மளிகைக் கடை திறந்தது. குளிர்சாதனம் இல்லை, பளபளப்பு இல்லை. அட்டையில் அச்சிட்ட விலைக்குக் கீழே தருவோம் என்ற ஒன்றைச் சொல்லியே அது வளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபுட்வேர்ல்டு சென்னையில் வந்திருந்தது. தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடையிலேயே வாங்கிப் பழகிய நகரத்துக்கு இரண்டும் புதிது. அண்ணாச்சிகளுக்கு அன்று வயிற்றைக் கலக்கியது. சுபிக்‌ஷா நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள் வரை பரவி, 2009-ல் பணமுடையால் மொத்தமாக மூடியது. அண்ணாச்சி கடைகளில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன.

இந்தக் கதையை வியாபாரிகள் இன்றும் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த ஆறுதல் அரைகுறையானது. சுபிக்‌ஷா விழுந்தது அகலக்கால் வைத்ததால். கைமுதல் இல்லாமல் கடை மேல் கடை திறந்து, சரக்கு போட்டவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பணம் தர முடியாமல் போனதால் விழுந்தது; தெருக்கடையோடு போட்டி போட முடியாமல் அல்ல. இன்று பக்கத்துத் தெருவில் பலகை மாட்டும் நிறுவனம் அந்தத் தவறைச் செய்யும் என்று காத்திருக்க முடியாது.

டிமார்ட்டை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் 2017 முதல் பங்குச்சந்தையில் இருப்பதால் அதன் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நூறு ரூபாய்க்கு விற்றால் அதன் மொத்த லாபம் ஏறக்குறைய 15 ரூபாய். அதில் சம்பளம், மின்சாரம் எல்லாம் போகவும் கையில் நிற்கிறது. கடைகளில் பெரும்பாலானவை சொந்த இடம் என்பதால் வாடகைச் சுமை குறைவு. சரக்கு போடுபவருக்குச் சீக்கிரம் பணம் தந்து, அதற்காகத் தனித் தள்ளுபடி வாங்குகிறது. பருப்பிலும் சோப்பிலும் விலையை இறுக்கிவிட்டு, துணியிலும் பாத்திரத்திலும் பிளாஸ்டிக் சாமானிலும் ஈடுகட்டிக்கொள்கிறது. தெருக்கடைக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே விலையில் நேருக்கு நேர் மோதுவது தோற்கிற சண்டை. எப்படித் தோற்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தாம்பரம் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடை கற்பனை, ஆனால் நடுத்தரமான ஒரு கடையின் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நாளொன்றுக்கு 20,000 ரூபாய், மாதம் 6 லட்சம் ரூபாய் வியாபாரம். இதில் 3,60,000 ரூபாய் சோப்பு, பிஸ்கட், பேஸ்ட், டீத்தூள் போன்ற கம்பெனிச் சரக்கு. அதில் நூற்றுக்கு 9 ரூபாய் நிற்கும். மீதி 2,40,000 அரிசி, பருப்பு, மிளகாய், புளி என்று அளந்து கொடுக்கும் சரக்கு. அதில் 15 ரூபாய் நிற்கும். இரண்டும் சேர்ந்து மாதம் 68,400 ரூபாய். வாடகை 14,000, மின்சாரம் 5,000, பையன் சம்பளம் 13,000, வண்டிக்கூலி, கவர், சேதாரம் 5,000 என்று 37,000 போய்விடும். மிச்சம் 31,400 ரூபாயில்தான் அண்ணாச்சியின் குடும்பம் நடக்கிறது.

பெரிய கடை திறந்ததும் முதலில் போவது எது? ஆட்கள் அல்ல, மாதச் சாமான்.

முதல் தேதிக்கும் பத்தாம் தேதிக்கும் நடுவில், சம்பளம் வந்ததும் லிஸ்ட் போட்டு மொத்தமாக வாங்கும் முப்பது குடும்பங்கள் இந்தக் கடைக்கு இருந்தன என்று கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய். அந்த முப்பது லிஸ்டும் ஒரே மாதத்தில் அங்கே போய்விட்டால் 1,20,000 ரூபாய் வியாபாரம் போச்சு. ஆனால் அந்தக் குடும்பங்கள் இந்தக் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. காலையில் பால், சாயங்காலம் கொத்தமல்லி, திடீரென்று தீர்ந்துபோன கடுகு, பிள்ளைக்குப் பென்சில் எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள். சிரித்துப் பேசுகிறார்கள், சில்லறை மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். நாளைக்கு 200 பேர் வீதம் மாதம் 6,000 பில் போட்ட கடை அது. போனவை முப்பது பில் மட்டுமே. 6,000 பில் 5,970 ஆனதை எந்தக் கண்ணும் கவனிக்காது. கடை வாசலில் அதே கூட்டம். ஆனால் ஒரு பில்லின் சராசரி 100 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு வியாபாரம் போய்விட்டது. வாடகையும் மின்சாரமும் பையன் சம்பளமும் அதே அளவில் நிற்பதால் அடி முழுவதும் மிச்சப் பணத்தின் மேல் விழுகிறது. மாதச் சாமானில் கம்பெனிச் சரக்கு 84,000 என்றும் அளக்கும் சரக்கு 36,000 என்றும் பிரித்தால், போன லாபம் 12,960 ரூபாய். குடும்பத்துக்கு நின்ற 31,400 இப்போது 18,440. வியாபாரம் இருபது சதவீதம் குறைந்தது, வருமானம் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

"கூட்டம் இருக்கு, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது" என்று பல கடைக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான். காசு எங்கே போகிறது என்று தெரியாதபோது பலரும் வேலைக்கு இருக்கும் பையன் மேல் சந்தேகப்படத் தொடங்குவார்கள். அது இன்னொரு சங்கடம்.

இந்த நிலையில் பெரும்பாலோர் உடனே செய்வது விலைக்குறைப்பு. "அவன் அஞ்சு பர்சென்ட் குறைச்சா நானும் குறைக்கிறேன்" என்று கம்பெனிச் சரக்கு எல்லாவற்றிலும் ஐந்து சதவீதம் தள்ளிவிடுவார்கள். நம் கடையில் மிச்சமிருக்கும் கம்பெனிச் சரக்கு வியாபாரம் 2,76,000 ரூபாய். அதில் ஐந்து சதவீதம் 13,800. ஏற்கெனவே 18,440 ஆகிப்போன வருமானத்திலிருந்து இதையும் கழித்தால் மிச்சம் 4,640 ரூபாய். போன லிஸ்ட் இந்தத் தள்ளுபடிக்காகத் திரும்பி வருமா என்றால் வராது. வீட்டில் எல்லோருமாகக் கிளம்பிப் போய், வண்டியைத் தள்ளிக்கொண்டே சாமான் எடுத்து, வருகிற வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரும் பயணம் அது. அதைச் சோப்பில் இரண்டு ரூபாய் குறைத்துத் தடுக்க முடியாது. அந்தத் தள்ளுபடியால் லாபம் அடைபவர்கள், எப்படியும் இங்கேயே வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்கள்தாம்.

விலையைத் தொடவே கூடாது என்பதில்லை. எங்கே தொடுவது என்பதில்தான் விஷயம். ஆயிரம் சாமான் இருக்கும் கடையில் மக்கள் விலையை மனத்தில் வைத்திருப்பது பதினைந்து, இருபது சாமானுக்குத்தான். சர்க்கரை, துவரம் பருப்பு, உளுந்து, சூரியகாந்தி எண்ணெய், தினமும் சமைக்கும் அரிசி, அந்தத் தெருவில் அதிகம் போகும் டீத்தூள், துணி சோப்பு. இவற்றின் விலை சற்று உயர்ந்தால் "கடையே விலை ஜாஸ்தி" என்று பெயர் வந்துவிடும். பெருங்காயம் என்ன விலை, ஏலக்காய் பத்து கிராம் என்ன விலை, கற்பூரம் எவ்வளவு என்று ஒருவருக்கும் நினைவில் இராது. பெரிய கடைகளும் இந்தக் குணத்தை வைத்தே விலை போடுகின்றன. அண்ணாச்சி செய்ய வேண்டியது, வாரம் ஒருமுறை அங்கே போய் அந்தப் பதினைந்து சாமானின் விலையை மட்டும் எழுதிக்கொண்டு வருவது. அதற்குச் சமமாகவோ ஒரு ரூபாய் கூடவோ வைத்து, அந்த விலைகளைப் பலகையில் சாக்பீஸால் எழுதி வாசலில் வைக்கலாம். நம் கடையில் இவை மாதம் 90,000 ரூபாய்க்குப் போகிறது, சராசரி இரண்டு சதவீதம் குறைக்க வேண்டியிருக்கிறது என்றால் செலவு 1,800 ரூபாய். 13,800 எங்கே, 1,800 எங்கே!

அடுத்தது, அளந்து கொடுக்கும் சரக்கு. தெருக்கடையின் உண்மையான வருமானம் இதில்தான் இருக்கிறது. ஆனாலும் பல கடைகளில் இது மூலையில் மூட்டையாகக் கிடக்க, கண் முன்னால் தொங்குவதெல்லாம் கம்பெனிக்காரரின் பாக்கெட்டாக இருக்கிறது.

இதில் சட்டமும் சின்னக் கடைக்குச் சற்று அனுகூலமாக நிற்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உறையிட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டையிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர் முன் அளந்து கொடுத்தால் அந்த வரி கிடையாது. (அந்த வரி வந்த கையோடு அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கியதைக் கடைக்குப் போகிற எல்லோரும் கவனித்திருப்பார்கள்.) இங்கே ஒரு பள்ளமும் உண்டு. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் பருப்பை அரை கிலோ, ஒரு கிலோவாக முன்கூட்டியே கவரில் கட்டி அடுக்கிவைக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. வாங்குபவர் இல்லாதபோது குறித்த எடையில் கட்டி வைத்தால் சட்ட அளவியலின் பார்வையில் அது பாக்கெட் சரக்கு. கட்டியவர் முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், விலை எல்லாம் அதன் மேல் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர் முதலில் கை வைப்பது இந்தக் கவரிலும் முத்திரை காலாவதியான தராசிலும்தான். எலக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டும். அந்தச் சான்றிதழைக் கல்லாவுக்கு மேலே கண்ணில் படும்படி ஒட்டிவைத்தால், அதிகாரிக்கு மட்டுமல்ல, "எடை சரியா இருக்குமா" என்று யோசிப்பவருக்கும் அதுவே பதில்.

மூட்டைச் சரக்கில் லாபம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 120 என்று எழுதிக்கொள்வதுதான் வழக்கம். மூட்டையைக் கொட்டிப் புடைத்தால் தூசும் குருணையும் போகும். நூறு கிராம், கால் கிலோ என்று அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் நாலைந்து பருப்பு கூடுதலாக விழும். கடைசியில் 49.6 கிலோதான் விற்றது என்றால் அடக்கவிலை 121 ரூபாய். வண்டிக்கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய் சேர்த்தால் 122. அதை 138-க்கு விற்றால் கிலோவுக்கு 16 ரூபாய். 120 என்று நினைத்து 132-க்கு விற்பவருக்கு 12 ரூபாய் நிற்பதாகத் தோன்றும்; நிற்பது 10 ரூபாய். மாதம் ஒரு மூட்டையை மட்டும் இப்படிக் கடைசி வரை எடைபோட்டுப் பார்த்தால் போதும், எந்தச் சரக்கில் கை தாராளமாகிறது என்று தெரிந்துவிடும்.

பெரிய கடையால் எளிதில் செய்ய முடியாத ஒன்று, இந்த மூட்டைக்குப் பின்னால் பேச்சுக்கு ஒரு மனிதன் நிற்பது. "இந்தத் தடவை வந்த உளுந்து மாவு நல்லா பொங்குது", "இந்த அரிசிக்குத் தண்ணி கொஞ்சம் கம்மியா வைங்கம்மா" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. புது லாட் அரிசி வந்தால் முதலில் தன் வீட்டில் சமைத்துப் பார்த்துவிட்டு, நல்ல வாடிக்கையாளருக்கு அரை கிலோ சாம்பிள் கொடுத்தனுப்பும் கடைகள் உண்டு. சாதம் குழைந்தால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அரிசிக்கு ஒரு கடையை நம்பிவிட்ட குடும்பம் பருப்பையும் புளியையும் மிளகாயையும் அங்கேதான் வாங்கும்.

இனி, போன லிஸ்ட்டைப் பற்றி. முழு லிஸ்ட்டையும் திரும்பப் பிடிக்க நினைப்பது வீண். அதைப் பாதியாகக் கிழிப்பதுதான் சாத்தியம். சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், கழிவறை சுத்தம் செய்யும் திரவம் இவை போகட்டும். அவற்றில் நிற்பதே ஒன்பது ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாச் சாமான் பாதி இங்கே இருக்கட்டும். இதற்கு நேரம் முக்கியம். குடும்பங்கள் பெரிய கடைக்குப் போவது சம்பளம் வந்த முதல் சனி, ஞாயிறில். அதற்கு முன்னால், 27, 28-ஆம் தேதியிலேயே அண்ணாச்சியின் போன் வந்துவிட வேண்டும்: "அக்கா, அரிசி பருப்பு லிஸ்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில அனுப்பி விடுங்க, ஒண்ணாந் தேதி காலைல வீட்டுக்கே வந்துரும்." அரிசி மூட்டை வீட்டுக்குள் வந்து இறங்கிவிட்டால், சனிக்கிழமை வண்டியில் விழுவது சோப்பும் பிஸ்கட்டும் மட்டுமே.

மூன்றாம் மாடிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும் எல்லை வைக்க வேண்டும். பையன் அரை மணி நேரம் போய் வந்தால் அவன் சம்பளத்தில் 25, 30 ரூபாய் கரைகிறது. பெட்ரோல் தனி. 150 ரூபாய்ப் பில்லில் நிற்கும் லாபம் 17 ரூபாய். ஆகவே 500 ரூபாய்க்கு மேல் என்றால் இலவசம், அதற்குக் கீழே என்றால் சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போகும்போது சேர்த்து என்று சொல்லிவிடலாம். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் செயலிகளோடு ஓட்டப்பந்தயம் ஓடத் தேவையில்லை.

பாக்கி நோட்டுதான் இந்தக் கதையில் இருமுனைக் கத்தி. இந்தியப் பன்னாட்டுப் பொருளாதார உறவுகள் ஆய்வு மன்றம், அதாவது இக்ரியர், 2008-ல் பெரிய சில்லறை நிறுவனங்களின் வரவு சின்னக் கடைகளை என்ன செய்கிறது என்று விரிவான ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. பெரிய கடைகளுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கடைகளின் வியாபாரமும் லாபமும் தொடக்க ஆண்டுகளில் குறைந்தன என்றும், நாளாக ஆக அந்தப் பாதிப்பு தணிந்தது என்றும் அது கண்டது. வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கச் சின்னக் கடைகள் கடன் கொடுப்பதைக் கூட்டின என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. அதே கடைகளில் வங்கி போன்ற இடங்களிலிருந்து கடன் பெற வழி இருந்தவை வெறும் 12 சதவீதம். அதாவது தனக்குக் கடன் கிடைக்காத கடைக்காரர், ஊருக்குக் கடன் கொடுத்துத் தாக்குப் பிடித்திருக்கிறார்.

இதில் ஆபத்து எங்கே என்று எல்லா அண்ணாச்சிக்கும் தெரியும், ஆனாலும் சிக்குவார்கள். பாக்கி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் வாடிக்கையாளருக்குக் கடை வாசல் வழியாக நடக்கவே கூச்சம் வந்துவிடும். இங்கே 3,000 பாக்கி இருக்க, கையில் இருக்கும் 500 ரூபாயை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் பெரிய கடைக்குப் போவார். கடனும் போச்சு, ஆளும் போச்சு. முன்பு அவருக்குப் போக வேறு இடமில்லை, இப்போது இருக்கிறது. அதனால் பெரிய கடை வந்தபிறகு கடனைக் கூட்டுவது தவறு. குறைத்து ஒழுங்கு செய்வதே சரி. குடும்பத்துக்கு 1,500, 2,000 என்று ஒரு வரம்பு வைத்து, பத்தாம் தேதிக்குள் கணக்கு நேராக வேண்டும் என்று சொல்லலாம். பழைய பெரிய பாக்கியைத் தனித் தாளில் எழுதி ஒதுக்கிவைத்துவிட்டு, "அத மாசம் இருநூறா குடுங்க, இன்னைக்குச் சாமான் காசுக்கு வாங்கிக்கிடுங்க" என்று கூப்பிட்டால் ஆள் திரும்ப வருவார். பெரிய கடை கிரெடிட் கார்டு வாங்கும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தக் கார்டு இருக்காது. அந்த வீட்டுக்குப் பத்து நாள் பாக்கி என்பது பெரிய உதவி. அதை அளவோடு கொடுக்கத் தெரிந்த கடைக்கு அதுவே பிடிமானம்.

பணம் முடங்கும் இன்னொரு இடம் அலமாரி. மாதக் கடைசியில் கம்பெனி லைனில் வரும் சேல்ஸ்மேனின் பேச்சு எல்லாக் கடையிலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, டார்கெட்டுக்கு ரெண்டு கேஸ்தான் குறையுது. பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ போட்டுத் தர்றேன்." அந்த இலவசத்தில் பத்து சதவீதம் நிற்கிறதே என்று எடுத்து வைப்பார்கள். லிஸ்ட் போன கடையில் அந்த இரண்டு கேஸ் மூன்று மாதம் நிற்கும். பெரிய கடையில் அதே பொருள் 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்று போய்க்கொண்டிருக்க, இங்கே காலாவதித் தேதி நெருங்கும். எக்ஸ்பயரி ஆன சரக்கை டிஸ்ட்ரிபியூட்டர் எல்லா நேரமும் திரும்ப எடுப்பதில்லை. எடுத்தாலும் பணம் அடுத்த பில்லில், அதற்கடுத்த பில்லில் என்று இழுக்கும். மூன்று மாதமாக ஒரு பீஸ்கூட நகராத பொருளை ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து பிரித்து எடுத்துப் பார்த்தால், ஐந்து லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கும் கடையில் பெரிய தொகை தூங்கிக்கொண்டிருப்பது தெரியவரும். அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தில் பருப்பு மூட்டையை ரொக்கத்துக்கு வாங்கினால், மொத்தக் கடைக்காரரிடம் மூட்டைக்கு முப்பது, நாற்பது ரூபாய் பேசிக் குறைக்க முடியும்.

மொத்தக் கொள்முதலில் நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்துகொள்வது இன்னொரு வழி. எல்லாச் சரக்குக்கும் சேர வேண்டாம். அப்படிச் சேர்ந்தவர்கள் பலர் மூன்றாம் மாதமே தரத்திலும் கணக்கிலும் சண்டை போட்டுப் பிரிந்திருக்கிறார்கள். சர்க்கரை, எண்ணெய் டின், உப்பு போல, இன்னது என்று பேச்சுக்கு இடமில்லாத சரக்கில் மட்டும் சேர்ந்து ஒரே வண்டியில் இறக்கினால் வண்டிக்கூலியிலேயே மிச்சம் தெரியும். வேடிக்கை என்னவென்றால், சில நாட்களில் சில கம்பெனிச் சரக்கு டிஸ்ட்ரிபியூட்டர் விலையைவிடப் பெரிய கடையின் சலுகை விலையில் குறைவாகக் கிடைக்கும். கடைக்காரரே அங்கே போய்ப் பையில் போட்டு வருவதும் நடக்கிறது. இந்த விலை வித்தியாசம் விநியோகஸ்தர்களையே போராட வைத்தது. பெரிய நிறுவனங்களுக்கும் தங்களுக்கும் ஒரே விலை வேண்டும் என்று அவர்களுடைய அகில இந்தியக் கூட்டமைப்பு 2021 கடைசியில் கம்பெனிகளுக்குக் கெடு விதித்தது.

இத்தனையும் செய்தால் நம் தாம்பரம் கடை என்ன ஆகும்? அளக்கும் சரக்கு வியாபாரம் 2,04,000 ரூபாயிலிருந்து 2,50,000-க்கு ஏறி, எடையையும் அடக்கத்தையும் கவனித்ததால் நூற்றுக்கு 16 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் 40,000. கம்பெனிச் சரக்கில் 24,840. அதில் பதினைந்து சாமானுக்குக் குறைத்த 1,800-ஐக் கழித்தால் 23,040. மொத்தம் 63,040. செலவு 37,000 போக 26,040 ரூபாய். பழைய 31,400 திரும்பவில்லை. போன பணத்தில் பாதிக்குச் சற்று அதிகம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். இதைவிட அதிகம் வரும் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் கணக்கு கேட்க வேண்டும். இந்த நிலைக்கு வரவே ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாக் கடையும் பிழைக்காது. பெரிய கடைக்கு நேர் எதிரே, 25,000 ரூபாய் வாடகையில், அரிசி பருப்பு மூட்டை வைக்க இடமில்லாமல் பாக்கெட் சரக்கை மட்டும் விற்கும் கடையை இந்த வழிகள் எதுவும் காப்பாற்றாது. அதை அடையாளம் காண்பதும் எளிது. கல்லாப் பணம் நேராக வீட்டுச் செலவுக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பில் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. அலமாரியில் ஒரே பொருளைப் பரப்பி வைத்து இடைவெளியை மறைக்கிறார்கள். கடைசியில் தண்டலுக்குக் கடன் வாங்கிச் சரக்கு போடுகிறார்கள். தண்டல் வட்டி கட்டி மளிகை லாபத்தில் யாரும் மீண்டதில்லை. அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே, சரக்கு மதிப்பு இருக்கும்போதே, வாடகை குறைந்த உள்தெருவுக்கு மாறுவதோ கடையைக் கைமாற்றுவதோதான் கெட்டிக்காரத்தனம். அதில் அவமானம் எதுவும் இல்லை. அதே இக்ரியர் ஆய்வில், பெரிய கடைகளின் போட்டியால் மூடிய சின்னக் கடைகள் ஆண்டுக்கு 1.7 சதவீதம். அது 2008-க்கு முந்தைய நிலவரம்; செயலிகளும் வீட்டு டெலிவரியும் வராத காலம். இன்று அந்த எண்ணை அப்படியே நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பக்கத்தில் பெரிய கடை வருவது திறப்பு விழா அன்று தெரிகிற செய்தி அல்ல. கட்டடம் எழும்பி, பெயர்ப்பலகை ஏறி, ஆள் எடுக்கும் நோட்டீஸ் ஒட்டி, அலமாரிகள் இறங்கச் சில மாதங்கள் ஆகும். தினமும் இரவு கல்லா எண்ணும்போது பணத்தோடு பில்களின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்க வேண்டியது அந்த மாதங்களில்தான். திறந்தபிறகு தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு இருக்காது.